பத்து ஃபிளாட்டா, எட்டு ஃபிளாட்டா?

சென்னையில் ஐந்து கிரவுண்டு நிலம் வைத்திருக்கும் ஒருவர், அதில் அடுக்குமாடி கட்ட ஒரு பில்டரோடு ஜாயின்ட் வென்ச்சர் ஒப்பந்தம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலம் இவருடையது, கட்டும் செலவு அவருடையது, ஆளுக்குப் பாதி. ஒப்பந்தம் ஐம்பது பக்கம். அதன் ஆறாவது ஷரத்து, நில உரிமையாளருக்கு ‘9,600 சதுர அடி கட்டடப் பரப்பு’ சேரும் என்கிறது. பதினோராவது ஷரத்தில் அதே பங்கைப் பற்றிப் பேசும்போது ‘நில உரிமையாளரின் பங்கான 9,600 சதுர அடி விற்பனைப் பரப்பு’ என்று இருக்கிறது. எண் மாறவில்லை. வாசிக்கும் யாருக்கும் உறுத்தாது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

ஆனால் ‘கட்டடப் பரப்பு’ என்பதற்கு முதல் ஷரத்திலேயே பொருள் எழுதியிருக்கிறார்கள். ஒரு வீட்டின் சுவர்கள், பால்கனி உட்பட அந்த வீட்டுக்குள் அடங்கும் பரப்பு. மாடிப்படி, லிஃப்ட், பொது வராந்தா இவற்றின் பங்கு சேராது. பில்டர்கள் பிளிந்த் ஏரியா என்பது ஏறக்குறைய இதைத்தான். ‘விற்பனைப் பரப்பு’ என்பதற்கு ஒப்பந்தத்தில் எங்கும் பொருள் இல்லை. தொழிலில் புழங்கும் அர்த்தத்தில் அது பொது இடங்களின் பங்கையும் ஏற்றிச் சொல்லும் கணக்கு. பிளிந்த் ஏரியாவின் மேல் 25 சதவீதம் ஏற்றுவதாக எடுத்துக்கொண்டால், 9,600 சதுர அடி விற்பனைப் பரப்புக்குள் உண்மையில் இருக்கும் வீட்டுப் பரப்பு 7,680 சதுர அடி. ஒரு ஃபிளாட் 960 சதுர அடி என்றால் ஆறாவது ஷரத்துப்படி உரிமையாளருக்குப் பத்து ஃபிளாட், பதினோராவது ஷரத்துப்படி எட்டு.

இப்படி ஒரு சொல் நடுவழியில் ஆள் மாறுவது பெரும்பாலும் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. பழைய ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதும்போது நடப்பது இது. நீளமான ஒப்பந்தம் ஒரே கையில் உருவாவதில்லை. பணம் பற்றிய பகுதியை ஒரு வக்கீல் எழுதியிருப்பார். கட்டுமான விவரம் பில்டரின் ஆபீஸிலிருந்து வந்திருக்கும். தகராறு பற்றிய ஷரத்து வேறொரு பத்திரத்திலிருந்து அப்படியே ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு பகுதியும் பிறந்த வீட்டுச் சொல்லோடு வந்து சேரும். பிறகு, ‘படிக்கவே முடியலை, கொஞ்சம் எளிமையா எழுதிக் கொடுங்க’ என்று ஒருவரிடம் கொடுப்பார்கள். அவர் மொழிநடை தெரிந்தவராக இருந்தால் ஆபத்து கூடுதல். ஒரே பத்தியில் ‘ஒப்படைப்பு’ என்று நான்கு முறை வந்தால் அவருக்குக் கை அரிக்கும். கூறியது கூறலை நன்னூல் குற்றங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. பள்ளிக்கூடக் கட்டுரையிலும் அதற்கு மதிப்பெண் குறைப்பார்கள். ஒப்பந்தம் எழுதுபவர் அந்தப் பாடத்தை மறக்க வேண்டும். நன்னூல் அதே பட்டியலில் மயங்க வைத்தலையும் குற்றம் என்கிறது. இங்கே பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

ஒப்பந்தத்தை வாசிக்கும் நீதிமன்றம் ஒரு எளிய அனுமானத்தோடு தொடங்குகிறது. எழுதியவர் ஒரே சொல்லைத் திரும்பப் பயன்படுத்தினால் ஒரே பொருளைத்தான் நினைத்திருப்பார். சொல்லை மாற்றினால் பொருளையும் மாற்ற நினைத்திருப்பார். சூழலைப் பார்த்து இந்த அனுமானத்தைத் தள்ளிவைக்கலாம். ஆனால் தள்ளிவைக்கச் சொல்லி வாதாட வேண்டியிருக்கும், அதற்கு வருடங்கள் ஆகும். காவிரிப் படுகையின் கடற்பகுதியில் எண்ணெய், எரிவாயு எடுப்பதற்காக மத்திய அரசும் ஹார்டி என்ற நிறுவனமும் போட்ட ஒப்பந்தம் இதற்கு நல்ல சாட்சி. தகராறு வந்தால் நடுவர் விசாரணைக்கு ‘வென்யூ’ கோலாலம்பூர் என்று அதில் எழுதியிருந்தது. நடுவர் சட்டத்தில் வென்யூ என்றால் கூட்டம் கூடும் இடம். ‘சீட்’ என்றால் எந்த நாட்டு நீதிமன்றத்துக்கு அந்த விசாரணையின் மேல் அதிகாரம் என்பதைத் தீர்மானிக்கும் சட்ட இருப்பிடம். ஒப்பந்தத்தில் சீட் என்ற சொல் இல்லை. கோலாலம்பூரில் தீர்ப்பும் சொல்லியாயிற்று. அதை எதிர்த்து இந்திய நீதிமன்றத்துக்கு வரலாமா, கூடாதா என்பதே பெரிய வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போனது. வென்யூ என்று எழுதியதாலேயே அது சீட் ஆகிவிடாது என்று 2018-ல் மூன்று நீதிபதிகள் சொன்னார்கள். அடுத்த வருடமே, நீர்மின் திட்டம் ஒன்றைப் பற்றிய பி.ஜி.எஸ். சோமா வழக்கில் வேறு மூன்று நீதிபதிகள், ஹார்டி தீர்ப்பு சரியான சட்டம் இல்லை, எதிரான குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் வென்யூ என்று சொன்ன இடமே சீட் என்றார்கள். நடுவர் சட்டமே 20-வது பிரிவில் ‘பிளேஸ்’ என்ற ஒரே சொல்லை இரண்டு அர்த்தத்தில் புழங்குவதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். சட்டம் இயற்றுபவர்களே சறுக்கிய இடம் அது.

நம் ஐம்பது பக்கத்துக்கு வருவோம். திருத்தி எழுத உட்காருபவர் முதலில் எதையும் திருத்தக் கூடாது. ஒரு பட்டியல் போட வேண்டும். பொருள் சொல்லப்பட்ட சொல், எந்த ஷரத்தில் பொருள் சொல்லியிருக்கிறது, எங்கெங்கே வருகிறது, அதன் இடத்தில் வேறு பெயரில் உட்கார்ந்திருக்கும் சொற்கள் எவை என்று நான்கு பத்தி போதும். முதல் ஷரத்தில் வரிசையாக இருக்கும் சொற்கள் சுலபம். உள்ளே புதைந்திருப்பவைதான் கண்ணில் படாது: பதினேழாம் பக்கத்தில் ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவே ‘இனி முன்பணம் எனப்படும்’ என்று போகிற போக்கில் ஒரு பொருள் சொல்லியிருப்பார்கள். நாற்பதாம் பக்கத்தில் அது ‘டெபாசிட்’ ஆகியிருக்கும். முன்பணம் என்றால் பின்னால் கழித்துக்கொள்வது, டெபாசிட் என்றால் திருப்பித் தருவது என்று ஒரு தரப்பு வாதாட அது போதும்.

ஆங்கில ஒப்பந்தத்தில் பொருள் வரையறுத்த சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவார்கள். பக்கத்தைப் புரட்டும்போதே எது சாதாரணச் சொல், எது வரையறுத்த சொல் என்று தெரிந்துவிடும். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. ‘திட்டம்’ என்று எழுதினால் அது முதல் ஷரத்தில் சொன்ன கட்டுமானத் திட்டமா, சும்மா ஒரு திட்டமா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் தமிழில் எழுதும்போது வரையறுத்த சொல் வரும் ஒவ்வொரு இடத்திலும் அதைத் தடித்த எழுத்தில் வைப்பது நல்லது. அப்படித் தடித்திருப்பதற்கு இதுதான் அர்த்தம் என்று முதல் ஷரத்தில் ஒரு வரியும் எழுதிவிட வேண்டும். இரண்டு சொல் சேர்ந்த பெயராக வைப்பதும் உதவும். ‘நாள்’ என்று வரையறுப்பதைவிட ‘ஒப்படைப்பு நாள்’ என்று வரையறுத்தால் அது தற்செயலாக வேறெங்கும் வராது.

பட்டியல் போட்டதும் கணினியில் தேட வேண்டும். இதில் தமிழுக்கே உரிய சிக்கல்கள் உண்டு. ‘சொத்து’ என்று தேடினால் ‘சொத்துக்கு’ கிடைக்கும், ‘சொத்தை’, ‘சொத்தின்’, ‘சொத்தில்’ கிடைக்காது. வேற்றுமை உருபு சேரும்போது கடைசி உகரம் போய்விடுகிறதே! ‘ஒப்படை’ என்று வேரைத் தேடினால் ஒப்படைப்பு, ஒப்படைத்த, ஒப்படைக்கும் எல்லாம் சேர்ந்து அகப்படும். பழைய ஒப்பந்தம் யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் தேடலே நடக்காது. யூனிகோடிலும் ‘தொ’ போன்ற எழுத்தை ஒரே குறியாலும் சேர்க்கலாம், முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியாலும் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடும் மென்பொருளுக்கு வேறு வேறாகத் தெரியலாம். ஆகவே தேடலில் வரவில்லை என்பது ஒப்பந்தத்தில் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. ஒரு முறை அச்செடுத்து, பென்சிலோடு படிக்கத்தான் வேண்டும்.

Ctrl+H தட்டி ஒரேயடியாக மாற்றுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ‘மனை’ என்ற சொல்லை எல்லா இடத்திலும் ‘நிலம்’ ஆக்கச் சொன்னால், தரப்பினர் விவரத்தில் இருக்கும் மனைவி ‘நிலம்வி’ ஆவார். எல்லை விவரத்தில் இருக்கும் மருத்துவமனை ‘மருத்துவநிலம்’ ஆகும். ‘மனையில்’ என்பது ‘நிலம்யில்’ என்று நிற்கும். இவை கண்ணில் பட்டுவிடும் என்பதால் சிரித்துவிட்டுத் திருத்தலாம். கண்ணில் படாத மாற்றம்தான் காசு கேட்கும்.

அதைப் பார்க்க ஒரே ஒரு சொல்லை எடுத்துப் பின்தொடர்ந்து போவோம். நம் ஒப்பந்தத்தின் முதல் ஷரத்து இப்படிச் சொல்கிறது: ‘ஒப்படைப்பு நாள் என்றால், பணிநிறைவுச் சான்று பெற்று, ஒவ்வொரு வீட்டுக்கும் மின் இணைப்பும் குடிநீர், கழிவுநீர் இணைப்புகளும் கொடுத்து, உரிமையாளர் பங்கு வீடுகளின் சாவிகளை எழுத்து மூலம் ஒப்படைத்த நாள்.’ நல்ல வரையறை. திருத்தி எழுதிய பிரதியில் இந்த நாளைத் தேடினால், எட்டாவது ஷரத்தில் உரிமையாளருக்கு மாதம் 30,000 ரூபாய் மாற்று வாடகை ‘கட்டடம் முடியும் வரை’ தரப்படும். ஒன்பதில் உரிமையாளர் வாங்கிய டெபாசிட்டை ‘சுவாதீனம் பெற்ற’ 15 நாளில் திருப்ப வேண்டும். பத்தில் பில்டர் தன் பங்கின் கடைசி இரண்டு வீடுகளை ‘பணிநிறைவுச் சான்று பெற்ற நாளுக்கு’ப் பிறகுதான் விற்கலாம். பதினான்கில் கட்டடக் குறைகளுக்கு ஐந்து வருடப் பொறுப்பு ‘வேலை முடிந்த தேதி’யிலிருந்து.

பெயின்ட் அடித்து முடித்தது மார்ச். பணிநிறைவுச் சான்று வந்தது ஆகஸ்ட். இணைப்புகள் கிடைத்துச் சாவி கைக்கு வந்தது அக்டோபர். ‘கட்டடம் முடியும் வரை’ என்றால் பில்டர் மார்ச்சோடு வாடகையை நிறுத்துவார். ஒப்படைப்பு நாள் என்றால் அக்டோபர் வரை தர வேண்டும். ஏழு மாதம், 2,10,000 ரூபாய். குறைகளுக்கான ஐந்து வருடம் மார்ச்சில் ஓடத் தொடங்கினால், வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே ஏழு மாதம் தீர்ந்துவிடும். 2016-ம் ஆண்டின் ரெரா சட்டம் வீடு வாங்கியவர்களுக்கு இந்த ஐந்து வருடத்தைச் சுவாதீனம் ஒப்படைத்த நாளிலிருந்துதான் எண்ணச் சொல்கிறது. ஒப்பந்தம் எழுதியவர் மனதிலும் அதுவே இருந்திருக்கும், சொல்தான் நழுவியிருக்கிறது.

எல்லாவற்றையும் ‘ஒப்படைப்பு நாள்’ ஆக்கிவிட்டால் முடிந்ததா என்றால், அங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். எட்டு, ஒன்பது, பதினான்கு மூன்றும் தெளிவாகவே நழுவல்கள். பத்தாவது ஷரத்து அப்படியா? திருத்துபவர் தாமாக முடிவு செய்யாமல் ஓரத்தில் ஒரு கேள்விக் குறிப்புப் போட்டு இரு தரப்பையும் கேட்க வேண்டும். கேட்டால் பில்டர் என்ன சொல்வார்? “அது வேணும்னே போட்டதுங்க சார். சர்டிபிகேட் வந்தாத்தான் வாங்குறவருக்கு பேங்க் கடைசித் தவணை ரிலீஸ் பண்ணும். சாவி கொடுக்கிற வரைக்கும் நிறுத்தினா எனக்குப் பணம் முடங்கிடும்.” உரிமையாளரும் ஆமாம், அப்படித்தான் பேசினோம் என்பார். அந்த இடத்தில் வேறு சொல் இருந்தது வேறு நாளைக் குறிக்கத்தான். அதையும் சேர்த்துச் சமப்படுத்தியிருந்தால், மொழியைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு பில்டரின் பணத்தை இரண்டு மாதம் தள்ளிப் போட்டிருப்போம். சரியான வழி, ‘பணிநிறைவு நாள்’ என்று இரண்டாவது வரையறை ஒன்றை முதல் ஷரத்தில் சேர்ப்பது. வித்தியாசம் தற்செயல் அல்ல என்று அப்போது யாருக்கும் தெரியும்.

பரப்பளவிலும் இதே நிதானம் தேவை. பில்டர் தன் பங்கு வீடுகளை வெளியாருக்கு விற்பது பற்றிய ஷரத்தில் ‘கார்பெட் ஏரியா’ என்று இருந்தால் அதை அடித்துவிட்டுக் ‘கட்டடப் பரப்பு’ போடக் கூடாது. ரெரா சட்டத்தில் கார்பெட் ஏரியாவுக்குத் தனி வரையறை இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும். வெளிச் சுவர், அந்த வீட்டுக்கே உரிய பால்கனி, குழாய்கள் போகும் ஷாஃப்ட் சேராது. இரண்டு அளவும் ஒரே ஒப்பந்தத்தில் இருக்கலாம், ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்யும் வரை. வரையறை இல்லாமல் மூன்றாவதாக நுழைந்த ‘விற்பனைப் பரப்பு’தான் வெளியே போக வேண்டியது. ஆனால் ஒன்று, அதைக் ‘கட்டடப் பரப்பு’ ஆக்கும்போது பக்கத்தில் இருக்கும் எண்ணையும் சரிபார்க்க வேண்டும். பதினோராவது ஷரத்தை எழுதியவர் உண்மையிலேயே விற்பனைப் பரப்புக் கணக்கில்தான் 9,600 என்று நினைத்திருந்தால், சிக்கல் மொழியில் இல்லை. இரண்டு தரப்பும் இன்னும் ஒத்துப்போகவே இல்லை என்று அர்த்தம். அதைத் திருத்துபவர் தீர்க்க முடியாது.

தமிழ்ப் பத்திரங்களுக்கென்றே ஒரு சொல் இருக்கிறது: மேற்படி. எழுதுபவருக்கு அதைப்போல் வசதியான சொல் வேறில்லை. நம் ஒப்பந்தத்தின் பின்னால் மூன்று ஷெட்யூல். ‘அ’ ஷெட்யூல் ஐந்து கிரவுண்டு முழு நிலம். ‘ஆ’ உரிமையாளர் வைத்துக்கொள்ளும் பிரிபடாத பாதிப் பாகம். ‘இ’ பில்டருக்கோ அவர் சொல்பவருக்கோ போக வேண்டிய பிரிபடாத பாதிப் பாகம். பில்டர் விற்பதற்காக உரிமையாளர் எழுதிக் கொடுக்கும் பவர் பத்திரம் ‘இ’ ஷெட்யூலுக்கு மட்டும்தான் பேச வேண்டும். பவரின் முதல் பத்தி நிலம் எப்படி வந்தது என்று ‘அ’ ஷெட்யூலின் கதையைச் சொல்கிறது. அடுத்த பத்தி கட்டட அனுமதி வாங்க அதிகாரம் தருகிறது, அதுவும் ‘அ’ ஷெட்யூல்தான், சரி. மூன்றாவது பத்தி ‘மேற்படி சொத்தை விற்கவும், கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்கவும்’ என்கிறது. மேலே சொன்னது ஐந்து கிரவுண்டும். எழுதியவர் நினைத்தது ‘இ’. எழுத்தில் இருப்பது முழு நிலத்தையும் விற்கும் அதிகாரம்.

இதனால்தான் ஒப்பந்தத்தைத் திருத்தும்போது பவர் பத்திரம், ஷெட்யூல்கள், பின்னால் போட்ட துணை ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரே மேஜையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். பலர் ஒப்பந்தத்தை மட்டும் செப்பனிட்டுவிட்டு, பவரைப் பழைய மாதிரியிலிருந்து எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் திருத்திய பிரதியில் ‘மேற்படி’ என்று ஒரு இடத்தில்கூட இருக்கக் கூடாது. அது வரும் ஒவ்வொரு இடத்திலும் ‘அ’வா, ‘ஆ’வா, ‘இ’யா என்று பெயரைச் சொல்லி எழுதிவிடலாம். பக்கம் கொஞ்சம் கூடும். கூடட்டும்.

எல்லாம் முடிந்தபின் ஒரு சோதனை இருக்கிறது. வரையறுத்த சொல் வரும் வாக்கியத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, முதல் ஷரத்தில் உள்ள முழு வரையறையையும் அதன் இடத்தில் வைத்துப் படித்துப் பார்ப்பது. ‘ஒப்படைப்பு நாளுக்கு முப்பது நாள் முன்பு உரிமையாளர் வீடுகளைப் பார்வையிட்டுக் குறைகளைச் சொல்ல வேண்டும்’ என்று ஒரு ஷரத்து இருக்கிறது என்றால், வரையறையைப் பொருத்தியதும் அது நொண்டுகிறது: சாவியை எழுத்து மூலம் கொடுத்த நாள் அது நடந்த பிறகுதான் தெரியும், அதற்கு முப்பது நாள் முன்பு என்று எப்படி எண்ணுவது? அங்கே பில்டர் முன்கூட்டி அனுப்பும் நோட்டீஸ் ஒன்று தேவை, அதற்கு ஒரு பெயரும் தேவை. எல்லாச் சொல்லும் ஒரே மாதிரி இருந்தும் பொருள் உட்காராத இடங்கள் இந்தச் சோதனையில் மட்டுமே பிடிபடும். எங்கேயும் வராத வரையறைகளும் இதே வேளையில் வெளிப்பட்டுவிடும். அவற்றை எடுத்துவிடலாம், பழைய பத்திரத்திலிருந்து விருந்தாளியாக வந்து தங்கிவிட்டவை அவை.

பதிவாகிவிட்ட பத்திரத்தில் நழுவல் தெரியவந்தால் வழி அடைந்துவிடவில்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பிழைத்திருத்தல் பத்திரம் பதியலாம். ஒருவர் மறுத்தால் 1963-ம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம், 26-வது பிரிவின்படி நீதிமன்றத்தில் திருத்தம் கேட்கலாம். ஆனால் மோசடியாலோ இரு தரப்பும் சேர்ந்து செய்த தவறாலோதான் பத்திரம் அவர்களின் உண்மையான எண்ணத்தைச் சொல்லாமல் போயிற்று என்று நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்தாலும், நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கிய மூன்றாம் நபரின் உரிமையைப் பாதிக்காத அளவுக்குத்தான் நீதிமன்றம் திருத்தும். ‘மேற்படி சொத்து’ என்ற பவரைக் காட்டி இதற்குள் யாருக்காவது கிரயம் ஆகியிருந்தால், அவர் அந்தக் கணக்கில் வருவார்.